பேஜ் தொடங்கியவரே வெளியே நிற்கும்போது: பங்காளி பறித்த அட்மின் உரிமையை மீட்பது எப்படி

“தம்பி, என்ட பேஜை ஹேக் பண்ணிப்போட்டினம்.”

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஆரி வேலை செய்த சாரி பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இப்படித்தான் எனக்கு அழைப்பு எடுத்தார். 2019இல் சிநேகிதி ஒருவரோடு சேர்ந்து தொடங்கிய வியாபாரம் அது. ஃபேஸ்புக் பேஜில் 11,000 பேர் இருந்தார்கள். கல்யாண ஓடர்களில் பாதிக்கு மேல் அதன் இன்பொக்ஸ் வழியாகத்தான் வந்தன. இரண்டு மாதத்துக்கு முன் சிநேகிதி தன் பங்குக் காசை வாங்கிக்கொண்டு விலகி, தெஹிவளையில் தனியாகத் தொடங்கியிருந்தார். அன்று காலை அக்கா கைத்தொலைபேசியைத் திறந்து பார்த்தால் பேஜுக்குள் போகும் வழியையே காணோம். பேஜ் மட்டும் வழமைபோல ஓடிக்கொண்டிருந்தது. தொடர்பு எண் மட்டும் மாறியிருந்தது.

அவருக்கு நான் சொன்ன முதல் பதில், “அக்கா, இது ஹேக் இல்லை” என்பதுதான். எங்கள் ஆட்கள் அதிகம் குழம்புவதும் இந்த இடத்தில்தான். ஹேக் என்று நினைத்தால் ஒரு வழியில் ஓடுவீர்கள், உரிமை நீக்கம் என்று தெரிந்தால் வேறு வழியில் போவீர்கள். பிழையான வழியில் ஓடி இரண்டு கிழமையை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே பேஜ் என்பது உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

## பேஜுக்கு என்று பாஸ்வேர்ட் கிடையாது

“பேஜ் பாஸ்வேர்டை அவள் மாத்திப்போட்டாள்” என்று பலர் சொல்வார்கள். ஃபேஸ்புக் பேஜுக்கு அப்படி ஒரு பாஸ்வேர்ட் இல்லை. புறக்கோட்டையில் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கதவில் ஒரு பூட்டு, நான்கு பேரிடமும் ஒவ்வொரு சாவி. யாரிடம் சாவி இருக்கிறது என்று ஒரு கொப்பியில் பெயர்கள் எழுதியிருக்கும். நீங்கள் உங்கள் சொந்த ஃபேஸ்புக் கணக்கில், அதாவது உங்கள் புரொஃபைலில் நுழைகிறீர்கள். அந்தப் புரொஃபைலின் பெயர் கொப்பியில் இருந்தால் பேஜின் கதவு திறக்கும். பெயர் வெட்டப்பட்டால் திறக்காது. அட்மின் உரிமை என்பது அந்தக் கொப்பியில் உள்ள ஒரு வரி, அவ்வளவுதான்.

சாவிகளும் எல்லாம் ஒரே வகை இல்லை. முழு உரிமை உள்ளவர் கொப்பியையே திருத்தலாம். புதியவரைச் சேர்க்கலாம், இருப்பவரை வெட்டலாம், பேஜையே அழிக்கலாம். திரையில் இது full control என்று இருக்கும். நாம் அட்மின் என்று சொல்வது இவரைத்தான். பகுதி உரிமை உள்ளவர் பதிவு போடலாம், இன்பொக்ஸுக்குப் பதில் எழுதலாம், ஆனால் கொப்பியைத் தொட முடியாது. அது partial control. இதற்கும் கீழே, குறிப்பிட்ட வேலைகளை மட்டும் செய்ய விடும் Task access என்று ஒன்று இருக்கிறது. விளம்பரம் போடும் பையனுக்கு இது போதும்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விடயம் இருக்கிறது. பேஜைத் தொடங்கியவருக்கு ஃபேஸ்புக் தனி மரியாதை எதுவும் வைப்பதில்லை. முழு உரிமை உள்ள எவரும் முழு உரிமை உள்ள இன்னொருவரை நீக்கலாம். அந்த இன்னொருவர் பேஜை உருவாக்கியவராக இருந்தாலும் நீக்கலாம். அக்காதான் 2019இல் பேஜைத் திறந்தார். நம்பிக்கையில் சிநேகிதிக்கும் முழு உரிமை கொடுத்தார். அன்றிலிருந்து இருவரும் சமம். யார் முந்தி மற்றவரை வெட்டுகிறாரோ அவர் உள்ளே, மற்றவர் வெளியே.

சுருக்கமாக, பேஜ் திறப்பது புரொஃபைல் வழியாக, முழு உரிமை உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் நீக்கலாம், தொடங்கியவர் என்பதால் பாதுகாப்பு கிடையாது.

## ஹேக்கா, நீக்கமா?

இதைப் பிரித்தறிய ஒரே ஒரு கேள்வி போதும். பங்காளி யாருடைய புரொஃபைலிலிருந்து உங்களை நீக்கினார்?

தன் சொந்தப் புரொஃபைலிலிருந்து, தனக்கு இருந்த முழு உரிமையைக் கொண்டு நீக்கியிருந்தால் ஃபேஸ்புக்கின் கண்ணில் எந்தத் தவறும் நடக்கவில்லை. உரிமை உள்ளவர் ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தினார். `facebook.com/hacked` என்ற பக்கத்துக்குப் போனால், அது உங்கள் புரொஃபைல் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்து, பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி முடித்துவிடும். பேஜ் திரும்பி வராது.

உங்கள் புரொஃபைலுக்குள்ளேயே அவர் நுழைந்து, அங்கிருந்து செய்திருந்தால் கதை வேறு. கடையில் ஒரே கணினியில் இருவரும் இருந்திருக்கலாம், உங்கள் பாஸ்வேர்ட் அவருக்குத் தெரிந்திருக்கலாம். இதைப் பார்க்க உங்கள் புரொஃபைலின் Accounts Center பகுதியில் Password and security என்பதைத் திறந்து, Where you're logged in என்ற பட்டியலைப் பாருங்கள். உங்களுடையது அல்லாத தொலைபேசியோ கணினியோ அதில் இருந்தால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதற்குப் பிறகு அதை வெளியேற்றிப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஸ்கிரீன்ஷாட் முக்கியம், ஏனென்றால் அனுமதியில்லாமல் ஒருவரின் கணக்கில் நுழைவது இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். இந்த நிலையில்தான் பொலிஸ் முறைப்பாடு பலமாக நிற்கும்.

அக்காவின் பட்டியலில் அவருடைய தொலைபேசியும் கடை டெப்லெட்டும் மட்டுமே இருந்தன. டெப்லெட் அவர் கையில்தான் இருந்தது. ஆகவே இது நீக்கம். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கேட்டுக்கொண்டார். ஹேக் என்றால் யாரோ வந்து திருத்தித் தருவார்கள் என்ற நம்பிக்கை இருந்தது அவருக்கு.

## சாவிக்கு மேலே ஓர் உறுதி

கடையில் சாவி வைத்திருப்பவர் ஒருவர், கட்டடத்தின் உறுதியில் பெயர் இருப்பவர் இன்னொருவர். பேஜிலும் இப்படி ஒரு மேல்தட்டு இருக்கலாம். அதன் பெயர் business portfolio. முன்னர் Business Manager என்று சொன்னார்கள். ஒரு வியாபாரத்தின் பேஜ், விளம்பரக் கணக்கு, இன்ஸ்டகிராம் எல்லாவற்றையும் ஒன்றாக வைக்கும் கோவை அது. ஒரு பேஜை ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோவைதான் சொந்தமாக வைத்திருக்க முடியும். அந்தக் கோவையில் முழு உரிமை உள்ளவர், பேஜில் யார் யார் வேலை செய்யலாம் என்பதை மேலிருந்தே தீர்மானிக்கலாம்.

இதில் நல்ல செய்தியும் இருக்கலாம், கெட்ட செய்தியும் இருக்கலாம். எப்போதோ விளம்பரம் போட உதவிய ஒருவர் உங்கள் பெயரில் ஒரு கோவையைத் திறந்து பேஜை அதில் சேர்த்திருந்தால், பேஜின் கொப்பியிலிருந்து உங்களை வெட்டினாலும் உறுதி உங்களிடம்தான். மாறாக, பங்காளி தன் பெயரில் ஒரு கோவையைத் திறந்து பேஜை அதற்குள் இழுத்துவிட்டிருந்தால், உள்ளே இருக்கும் வேறு ஒருவர் உங்களைத் திரும்பச் சேர்த்தாலும் மேலிருந்து மறுபடி வெட்டலாம்.

பார்ப்பது சுலபம். கணினியில் உங்கள் புரொஃபைலில் இருந்தபடியே `business.facebook.com/settings` என்று அடியுங்கள். உங்களுக்குக் கோவை ஏதும் இருந்தால் அது திறக்கும். ஒன்றுக்கு மேல் இருந்தால் மேலே உள்ள பெயரை அழுத்தி ஒவ்வொன்றாகப் பாருங்கள். இடப்பக்கம் Accounts, அதன் கீழ் Pages. உங்கள் பேஜ் அந்தப் பட்டியலில் இருந்து, கோவையில் உங்களுக்கு முழு உரிமையும் இருந்தால், பேஜைத் தெரிவுசெய்து Assign people வழியாக உங்களையே முழு உரிமையோடு சேர்க்கலாம். பிரச்சினை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அக்காவுக்கு ஒரு கோவை இருந்தது. 2021இல் விளம்பரம் போட்ட பையன் திறந்தது. அவருக்கு அது இருப்பதே தெரியாது. ஆவலோடு Pages பட்டியலைத் திறந்தோம். வெறுமையாக இருந்தது. பையன் விளம்பரக் கணக்கை மட்டும் உள்ளே வைத்துவிட்டு, பேஜைச் சேர்க்காமல் விட்டிருந்தார்.

## முதல் நாளில் செய்ய வேண்டியவை

பேஜை மீட்பதற்கு முன், அதோடு சேர்ந்து போகக்கூடியவற்றைப் பாதுகாக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலாவது காசு. விளம்பரக் கணக்கு என்பது பேஜிலிருந்து தனியானது. அதில்தான் உங்கள் வங்கி அட்டை ஏற்றப்பட்டிருக்கும். பேஜிலிருந்து உங்களை நீக்கினாலும் அந்தக் கணக்கும் அட்டையும் அப்படியே இருக்கும், அதில் பங்காளிக்கும் உரிமை இருந்தால் அவர் உங்கள் அட்டையில் விளம்பரம் ஓட்டலாம். அக்காவின் தொலைபேசியில் வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ்களைத் தேடினோம். FACEBK என்று தொடங்கும் கழிவுகள் இரண்டு, இருவரும் பிரிந்த பிறகு. தெஹிவளைக் கடைக்கான விளம்பரத்துக்கு வெள்ளவத்தை அக்கா காசு கட்டிக்கொண்டிருந்தார். கோவை அவருடையது என்பதால் உள்ளே போய் விளம்பரங்களை நிறுத்தி, சிநேகிதியை அந்த விளம்பரக் கணக்கிலிருந்து நீக்கினோம். உங்களால் உள்ளே போக முடியாவிட்டால் வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்திப் புதியது கேளுங்கள்.

இரண்டாவது வட்ஸ்அப்பும் இன்ஸ்டகிராமும். வட்ஸ்அப் பிஸ்னஸ் உங்கள் சிம் எண்ணோடு கட்டப்பட்டது, பேஜோடு அல்ல. சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், வட்ஸ்அப்பில் இரண்டடுக்கு இலக்கத்தைப் போடுங்கள். இன்ஸ்டகிராமுக்குச் சொந்தப் பாஸ்வேர்ட் உண்டு. அதை உடனே மாற்றுங்கள்.

மூன்றாவது பேஜின் அடையாளம். பேஜின் பெயரை மாற்றலாம், அதன் இணைய முகவரியை மாற்றலாம், ஆனால் Page ID எனப்படும் இலக்கம் மாறாது. பேஜில் About பகுதியில் Page transparency என்பதைத் திறந்தால் அந்த இலக்கமும் பேஜ் தொடங்கிய திகதியும் இருக்கும். See all என்பதை அழுத்தினால் பெயர் மாறிய வரலாறும், எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் பேஜை நடத்துகிறார்கள் என்பதும் வரும். இதைப் பார்க்க அட்மின் உரிமை தேவையில்லை, யாரும் பார்க்கலாம். அக்காவின் பேஜில் Sri Lanka (2) என்று இருந்தது. அந்த இரண்டு என்ற எண்தான் எங்களுக்கு அன்று கிடைத்த முதல் தடயம். சிநேகிதி ஒருவர் என்றால் மற்றவர் யார்?

இந்தப் பக்கங்களை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். திகதி தெரியும்படி எடுங்கள். பேஜை அழிக்க ஒருவர் கட்டளை கொடுத்தால் அது நிரந்தரமாக அழிய 30 நாள் அவகாசம் உண்டு, ஆனால் அதை நிறுத்த முழு உரிமை உள்ளவரால்தான் முடியும். பேஜ் திடீரென்று கண்ணில் படாமல் போனால் அந்த 30 நாள்தான் உங்களுக்கு இருக்கும் காலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாத ஒன்றும் இருக்கிறது. கோபத்தில் சொந்தக்காரர், சிநேகிதர் எல்லோரையும் கூட்டி அந்தப் பேஜைப் புகார் செய்ய வைக்காதீர்கள். புகார் பலித்தால் பேஜ் முடக்கப்படலாம், யாருக்கும் திரும்பிக் கிடைக்காமலும் போகலாம். மீட்டுத் தருவதாகச் சொல்லிக் காசு கேட்டு இன்பொக்ஸில் வருபவர்களை நம்பவே வேண்டாம். அவர்கள் வைத்திருக்கும் தனி வழி ஒன்றும் இல்லை. பெரும்பாலும் உங்கள் புரொஃபைலின் பாஸ்வேர்டைத்தான் கேட்பார்கள்.

## உள்ளே இன்னும் யாராவது இருக்கிறார்களா?

மீட்பதில் மிகக் குறுகிய வழி, கொப்பியில் இன்னும் பெயர் உள்ள வேறு ஒருவர். பங்காளி உங்களை நீக்கிய அவசரத்தில் மற்றவர்களை மறந்திருக்கலாம். கடையில் பதிவு போட்ட பிள்ளை, முன்பு விளம்பரம் போட்டவர், வெளிநாட்டில் இருக்கும் தம்பி. அவர்களில் ஒருவருக்கு முழு உரிமை இருந்தால் அவர் பேஜுக்கு மாறி, Settings போய், Page access என்பதைத் திறந்து, உங்கள் புரொஃபைலைச் சேர்க்கலாம்.

அக்காவின் இரண்டாமவர் அந்த விளம்பரப் பையன்தான். கொட்டாஞ்சேனையில் இருந்தார். அழைத்ததும் பார்த்துச் சொன்னார்: “அண்ணா, பேஜுக்குள்ள போக ஏலுது. ஆனா ஆட்களைச் சேர்க்கிற இடம் எனக்கு வரேல்ல.” பகுதி உரிமை. கொப்பியைத் தொட முடியாத சாவி. ஆனாலும் அவரால் ஓர் உதவி செய்ய முடிந்தது. முன்பணம் கட்டிய ஏழு வாடிக்கையாளர்களின் உரையாடல்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தந்தார். அக்கா அன்றிரவே ஏழு பேருக்கும் அழைத்து, ஓடர் தன்னிடம்தான் இருக்கிறது என்று சொன்னார்.

இதுவரை பார்த்ததில் இரண்டு வழிகள்: மேலே கோவை, உள்ளே வேறொரு முழு உரிமைக்காரர். இரண்டில் ஒன்று இருந்தால் யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை. இரண்டும் இல்லாவிட்டால் மீதமிருப்பது மெட்டாவும் பங்காளியும். இரண்டுக்கும் தேவைப்படுவது காகிதம்.

## மெட்டா என்ன பார்க்கும்?

மெட்டா என்பது ஃபேஸ்புக்கை நடத்தும் நிறுவனம். அதற்கு உங்கள் நட்பும் தெரியாது, நீங்கள் 2019இல் இரவிரவாகப் படம் எடுத்துப் போட்டதும் தெரியாது. இரண்டு பங்காளிகள் “எனக்குத்தான்” என்று சொன்னால் அது நீதிபதியாக இருக்க விரும்பாது. உங்களுக்குள் பேசித் தீருங்கள் என்றுதான் சொல்லும். ஆகவே கோரிக்கை “நானும் பங்காளி” என்று நின்றால் பலிப்பது கடினம். “இவர் இப்போது இந்த வியாபாரத்தில் இல்லை, வியாபாரம் சட்டப்படி என்னுடையது” என்று காகிதத்தோடு நின்றால் கேட்க ஆள் கிடைக்கும்.

போகும் வழி `facebook.com/business/help`. உங்கள் புரொஃபைலில் நுழைந்தபடி போய், உதவிப் பிரிவைத் தொடர்புகொள்ளும் இடத்தைத் தேடுங்கள். எல்லோருக்கும் ஒரே தெரிவுகள் காட்டப்படுவதில்லை. விளம்பரக் கணக்கு உள்ளவர்களுக்கு ஆளோடு எழுதிப் பேசும் வசதி வர வாய்ப்பு அதிகம். அக்காவின் கோவையில் விளம்பரக் கணக்கு இருந்தது இங்கே கைகொடுத்தது.

இப்படியான பிணக்குகளில் வழக்கமாகக் கேட்கப்படுபவை இவை: உங்கள் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டின் பிரதி, வியாபாரம் உங்களுடையது என்பதற்கான பதிவுச் சான்று, கையொப்பமிட்ட ஓர் அறிக்கை. அந்த அறிக்கையில் பேஜின் முகவரியும் Page ID இலக்கமும், பேஜோடு உங்களுக்கு உள்ள தொடர்பும், நீக்க வேண்டியவரின் பெயரும், அவர் வியாபாரத்தில் என்னவாக இருந்தார், எப்போது விலகினார் என்பதும், நீங்கள் கேட்பது என்ன என்பதும் இருக்க வேண்டும். சொன்னவை உண்மை, பொய்யானால் சட்டப்படி தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியும் வேண்டும். பொலிஸ் முறைப்பாடு இருந்தால் அதன் பிரதியையும் சேர்க்கலாம். எங்கள் ஊரில் இதைச் சத்தியக் கடதாசியாகத் தட்டச்சு செய்து, சமாதான நீதவான் முன் கையொப்பமிடுவதுதான் நல்லது. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கட்டும். பதிவுச் சான்று சிங்களத்திலோ தமிழிலோ இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலப் பிரதி எடுங்கள்.

இங்கேதான் அக்காவின் கையில் இருந்த ஓட்டை வெளியே வந்தது. வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றில் இருவர் பெயரும் இருந்தன. திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில் எடுத்த சான்று அது. சிநேகிதி விலகிய பிறகு யாரும் போய் மாற்றவில்லை. அந்தச் சான்றை அப்படியே மெட்டாவுக்கு அனுப்பினால், பேஜில் சிநேகிதிக்கும் உரிமை உண்டு என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நல்ல காலம், விலகிய அன்று பங்குக் காசு 350,000 ரூபாயைப் பெற்றுக்கொண்டு “இனி இவ்வியாபாரத்தில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை” என்று ஒரு தாளில் கையொப்பமிட்டிருந்தார். அந்தத் தாளை அக்கா தையல் மெசின் லாச்சிக்குள், பிளவுஸ் அளவுக் கொப்பிக்கு நடுவில் வைத்திருந்தார். எண்ணெய்க் கறை பட்டிருந்தது, ஆனால் திகதியும் கையொப்பமும் தெளிவாக இருந்தன. அதை வைத்துப் பதிவில் மாற்றம் செய்ய விண்ணப்பித்தோம். கோரிக்கையில் இந்தத் தாளை முதலில் வைத்தோம், சான்றை அதன் பின்னால் வைத்தோம்.

உங்கள் பேஜின் பெயர் பதிவு செய்யப்பட்ட வணிகக் குறியாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. கொழும்பு 10இல் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குறிகளைப் பதிவு செய்கிறது. அந்தப் பதிவை வைத்து மெட்டாவில் குறி மீறல் என்று முறையிடலாம். ஆனால் அந்த முறைப்பாட்டின் விளைவு பெரும்பாலும் உள்ளடக்கமோ பேஜோ அகற்றப்படுவதுதான், உங்கள் கையில் தரப்படுவது அல்ல. 11,000 பேர் வேண்டும் என்றால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

## பங்காளியிடம் எதைக் கேட்பது?

மெட்டாவுக்கு அனுப்பிவிட்டுச் சும்மா காத்திருக்கத் தேவையில்லை. சாவி இப்போது யாரிடம் இருக்கிறதோ அவர் கொழும்பில்தான் இருக்கிறார். நான் பார்த்த சம்பவங்களில் பெரும்பாலானவற்றில் உரிமை திரும்பி வந்தது மெட்டா வழியாக அல்ல, பங்காளியின் விரல் வழியாகத்தான்.

ஆனால் “பேஜைத் தா” என்று கேட்டால் போதாது. ஆத்திரத்தில் எடுக்கும் அழைப்பில் எதுவும் நடக்காது. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதிக் கேட்க வேண்டும். அக்காவுக்காகச் சட்டத்தரணி ஒருவர் சிநேகிதிக்கு அனுப்பிய கோரிக்கைக் கடிதத்தில் மூன்றே விடயங்கள் இருந்தன. இந்த Page ID கொண்ட பேஜில், Page access பகுதியில், அக்காவின் புரொஃபைலை முழு உரிமையோடு சேர்க்க வேண்டும். பேஜை அழிக்கவோ பெயர் மாற்றவோ வேறு பேஜோடு இணைக்கவோ கூடாது. 14 நாளுக்குள் இது நடக்காவிட்டால், விலகல் தாளையும் விளம்பரக் கழிவுகளையும் வைத்து மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கப்படும். கவனியுங்கள், நீதிமன்றத்தில் கேட்பது மெட்டாவுக்கு எதிராக அல்ல. உள்ளூரில் இருக்கும் பங்காளிக்கு எதிராக, ஒரு பொத்தானை அழுத்தும்படி.

விலகல் தாள் இல்லாதவர்கள் என்ன செய்வது? இலங்கையில் ஒரு கட்டு இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, மூலதனம் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் இருந்து கையொப்பமிடப்பட வேண்டும் என்கிறது. இன்று 1,000 ரூபாய் என்பது மிகச் சிறிய தொகை. அப்படிப் பார்த்தால் வாய்ப்பேச்சில் ஓடும் கூட்டு வியாபாரங்கள் எல்லாம் இந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கின்றன. எழுத்தில் எதுவும் இல்லையென்றால், பங்குடைமை இருந்தது என்பதையே நிரூபிப்பது சிக்கலாகலாம். அது உங்களுக்குச் சாதகமா பாதகமா என்பது வியாபாரப் பதிவும் வங்கிக் கணக்கும் யார் பெயரில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இந்தக் கட்டத்தில் சட்டத்தரணியிடம் போகாமல் நீங்களாகக் கடிதம் எழுத வேண்டாம். “நாங்கள் பங்காளிகள்” என்று நீங்கள் எழுதும் ஒரு வரியே பிறகு உங்களுக்கு எதிராக நிற்கலாம்.

## அழைப்பு வந்தது, ஆனால்…

கடிதம் போய் ஒன்பதாவது நாள் அக்காவின் ஃபேஸ்புக்கில் ஓர் அழைப்பு வந்தது. சிநேகிதி சேர்த்துவிட்டார். அக்கா அழைப்பை ஏற்று, பேஜுக்குள் போய், அழாத குறையாக எனக்கு அழைத்தார். “ஆட்களின்ட பட்டியல் வருதா அக்கா?” என்று கேட்டேன். தேடினார். வரவில்லை. சேர்க்கும்போது Allow this person to have full control என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை நகர்த்தாமல் விட்டால் வருவது பகுதி உரிமைதான். சிநேகிதி தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று நான் சொல்ல மாட்டேன். சட்டத்தரணியின் கடிதத்தில் full control என்ற சொல் ஆங்கிலத்திலேயே இருந்ததால் இன்னொரு அழைப்பு போதுமாக இருந்தது. மறுநாள் காலை அந்தப் பொத்தான் நகர்ந்தது.

பேஜ் கிடைத்ததும் உடனே எல்லோரையும் வெட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுத்து, முதலில் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தோம். பேஜ் வேறு யாருடைய கோவைக்குள்ளும் போயிருக்கிறதா என்று பார்த்தோம். போயிருக்கவில்லை. உடனே அக்காவின் கோவைக்குள் அதைச் சேர்த்தோம், இனி உறுதியும் அவரிடம். கோவையில் அக்காவோடு, கனடாவில் இருக்கும் அவர் தங்கைக்கும் முழு உரிமை கொடுத்தோம். ஒருவரின் தொலைபேசி தொலைந்தாலும் மற்றவர் இருக்க வேண்டும். கொட்டாஞ்சேனைப் பையனுக்கு Task access மட்டும். அக்கா, தங்கை இருவரின் புரொஃபைலிலும் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்ட பிறகுதான் சிநேகிதியின் பெயரை நீக்கினோம்.

கடைசியாக, திகதியிட்டு வைத்திருந்த பதிவுகளைப் பார்த்தோம். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஒன்று காத்திருந்தது: “நாங்கள் தெஹிவளைக்கு இடம் மாறிவிட்டோம்.” அக்கா அதை அழித்துவிட்டு, பேஜின் தொடர்பு எண்ணைத் தன் பழைய எண்ணுக்கு மாற்றினார். சேமித்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் கடைத் தொலைபேசி அடித்தது. மருதானையிலிருந்து ஒரு பெண், தாலிக்கூறைக்கு ஆரி பிளவுஸ் எத்தனை நாளில் தைத்துத் தருவீர்கள் என்று கேட்டார்.